பதினோராவது முயல்

பாரிஸுக்குப் போயிருக்கும் ஒரு பெண்ணின் அடுக்குமாடி வீட்டில் தற்காலிகமாகக் குடியேறுகிறான் ஒருவன். இடம் புவெனோஸ் ஐரீஸ் நகரத்தின் சுயிபாச்சா தெரு. பொருள்கள் எல்லாம் இம்மி பிசகாமல் அடுக்கிவைக்கப்பட்ட, மிக ஒழுங்கான வீடு. அங்கிருந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். அதில் ஒரு விஷயத்தைத் தயக்கத்தோடு, ஆனால் சாதாரணமாகச் சொல்கிறான்: அவ்வப்போது அவன் முயல்குட்டிகளை வாந்தியெடுப்பான்.

ஆர்ஜென்டீன எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸார் 1951-இல் வெளியிட்ட ‘பெஸ்தியாரியோ’ தொகுப்பில் இடம்பெற்ற கதை இது. சில பக்கங்கள்தான். படித்து முடிக்கும்போது வாசகர் முயலைப் பற்றிச் சந்தேகப்படுவதில்லை. எண்ணிக்கையைப் பற்றித்தான் பயப்படுகிறார். நடக்கவே முடியாத ஒன்றை நம்பவைத்து, அதற்காகக் கவலைப்படவும் வைப்பது எப்படி? கதையைப் பிரித்துப் பார்த்தால் விடை தெளிவாகவே கிடைக்கிறது.

கொர்த்தஸார் முதலில் செய்வது, அந்த விநோதத்துக்கு ஒரு நடைமுறையை ஏற்படுத்துவது. முயல் வரப்போவது தொண்டையில் தெரிந்துவிடும். இரண்டு விரல்களை இடுக்கி போல வாய்க்குள் விட்டு, காதுகளைப் பிடித்து வெளியே எடுப்பான். குட்டி ஆரோக்கியமாக, முழுமையாக, மிகச் சிறியதாக இருக்கும். பழைய வீட்டில் அதற்காகவே பால்கனித் தொட்டியில் தீவனப்புல் வளர்த்துவந்தான். குட்டியை அதில் விட்டால் மேயத் தொடங்கிவிடும். ஒரு மாதம் போல வளர்ந்ததும் தெரிந்த ஓர் அம்மாளிடம் கொடுத்துவிடுவான். அவனுக்கு முயல் வளர்ப்பது பொழுதுபோக்கு என்று அந்த அம்மாள் நினைத்துக்கொள்வாள். இதெல்லாம் நான்கைந்து வாரங்களுக்கு ஒருமுறைதான். ஒன்றைக் கொடுத்த கையோடு அடுத்தது வரும். புல்லும் அதற்குள் வளர்ந்திருக்கும்.

ஏன் முயல், எப்படி வயிற்றிலிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு ஒரு வரிகூட இல்லை. ஆனால் எவ்வளவு நாளைக்கு ஒன்று, எப்படி எடுப்பது, எங்கே வைப்பது, என்ன தீனி, யாரிடம் கொடுப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. கனவுத் தர்க்கத்தின் அடிப்படை வேலை இந்த இடத்தில்தான் நடக்கிறது. காரணத்தைச் சொல்லாமல் விட்டு, ஒழுங்கைத் துல்லியமாகச் சொல்வது. காரணம் கேட்கும் மனம், ஒழுங்கு கிடைத்தால் பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறது. மின்சாரம் எப்படி வருகிறது என்று தெரியாமலேயே எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்று நாம் தெரிந்துவைத்திருப்பதைப் போல.

விதியை நிறுவிய பிறகுதான் அதை அசைக்கிறார். புது வீட்டுக்குப் போகும் நாளில், லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே ஏறிக்கொண்டிருக்கும்போது, தொண்டையில் முயல் வருவது தெரிகிறது. இரண்டு நாளுக்கு முன்தான் ஒன்று வந்திருந்தது. இன்னும் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை என்று நினைத்திருந்தான். அன்று இரவே இன்னொன்று, கறுப்பு. இரண்டு நாள் கழித்து வெள்ளை. பிறகு சாம்பல் நிறம். வாசகர் இங்கே திடுக்கிடுவது முயலுக்காக அல்ல, ‘முறை தவறிவிட்டதே’ என்றுதான். ஒழுங்கு ஒன்றைச் சொல்லித்தராமல் ஒழுங்கு கெடுவதன் பதற்றத்தை உண்டாக்க முடியாது. முதல் பக்கத்திலேயே பத்து முயல்கள் வந்திருந்தால் அது வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும்.

முயல்கள் பத்தாகின்றன. பகலில் அவற்றைப் படுக்கையறை அலமாரிக்குள் அடைத்துவைக்கிறான். வீட்டு வேலை செய்யும் சாராவுக்குத் தெரியக் கூடாது. இரவு அவள் தூங்கப் போனதும் திறந்துவிட்டுப் புல் கொடுக்கிறான். அவை கீழ்த்தட்டுப் புத்தகங்களைக் கடிக்கின்றன. உடைந்ததை ஒட்டவைத்துக்கொண்டே விடிகிறது. பத்து என்ற எண்ணுக்குள் அவன் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டுவிட்டான். பதினொன்று வரும்போதுதான் எல்லாம் முடிகிறது. பதினொன்று வந்தால் பன்னிரண்டும் வரும், பதின்மூன்றும் வரும் என்பது அவனுக்கு உடனே புரிந்துவிடுகிறது. கதையின் முடிவு பால்கனியில் நிகழ்கிறது. அந்தக் கடைசிக் கொடூரம் வெளியிலிருந்து வந்து விழுந்ததல்ல. முதல் பக்கத்தில் சொன்ன மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கிலிருந்து நேராக வளர்ந்தது.

கனவில் ஏன் எதுவும் விநோதமாகத் தோன்றுவதில்லை என்பதற்கு உறக்க ஆய்வில் ஓரளவு விளக்கம் உண்டு. தெளிவான கனவுகள் பெரும்பாலும் விரைவிழி உறக்கம் என்ற கட்டத்தில் வருகின்றன. அந்தக் கட்டத்தில் மூளையின் ரத்த ஓட்டத்தைப் படம்பிடித்த 1990-களின் ஆய்வுகள், திட்டமிடுதலுக்கும் சரிபார்த்தலுக்கும் உதவும் முன்மூளைப் பகுதிகள் அடங்கியிருப்பதையும், உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகள் விழிப்பாக இயங்குவதையும் காட்டின. அதாவது ‘இது எப்படிச் சாத்தியம்?’ என்று கேட்க வேண்டிய ஆள் ஓய்வில் இருக்கிறார்; பயமும் ஏக்கமும் முழு வேகத்தில் வேலை செய்கின்றன. ஆகவேதான் கனவில் பள்ளிக்கூடம் மாமா வீடாகவும் இருக்கலாம், அதில் நமக்குச் சங்கடமில்லை. ஆனால் பரீட்சைக்குத் தாமதமாகிவிட்டது என்ற பதைப்பு மட்டும் நிஜத்தைவிடக் கூர்மையாக இருக்கும்.

எழுத்தாளருக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. கனவு காண்பவரின் முன்மூளை அடங்கியிருக்கிறது, வாசகருடையது விழித்திருக்கிறது. யாராவது தன் கனவை விலாவாரியாகச் சொல்லும்போது கேட்பவருக்குக் கொட்டாவி வருவது இதனால்தான். சொல்பவருக்கு அதை இணைத்த உணர்ச்சி தெரியும், கேட்பவருக்குச் சம்பந்தமில்லாத சம்பவங்களின் வரிசை மட்டுமே கிடைக்கிறது. கனவை அப்படியே எழுதினால் கனவுக்கதை ஆகாது. கனவு காண்பவருக்கு உறக்கம் தந்த சம்மதத்தை, வாசகருக்கு எழுத்து தர வேண்டும்.

விதியே வேண்டாம் என்று சென்றவர்களும் உண்டு. லூயி புனுவலும் சல்வதோர் தாலியும் 1929-இல் எடுத்த ‘ஓர் அந்தலூசிய நாய்’ படத்துக்கு, பகுத்தறிவால் விளக்கக்கூடிய எந்தப் பிம்பத்தையும் ஏற்பதில்லை என்று முடிவுசெய்துகொண்டார்கள். அந்தப் படம் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. அவ்வளவு நேரம் அதிர்ச்சியிலேயே பார்வையாளரை இருத்திவைக்கலாம். பின்னாளில், 1962-இல், ஒரு முழுநீளப் படத்துக்குப் புனுவல் வேறு வழிக்குப் போனார். ‘அழிக்கும் தேவதை’யில் விருந்துக்கு வந்தவர்களால் ஓர் அறையைவிட்டு வெளியேற முடிவதில்லை. கதவு பூட்டப்படவில்லை, யாரும் தடுக்கவில்லை. கால் மட்டும் போகாது. படம் முழுக்க இந்த ஒரே விதிதான். விடுதலையும் அதே தர்க்கத்தில் வருகிறது. எல்லோரும் தற்செயலாக முதல் இரவில் இருந்த அதே இடங்களில் இருப்பதை ஒரு பெண் கவனிக்கிறாள். அன்று பேசியதை மறுபடி பேசி, செய்ததை மறுபடி செய்கிறார்கள். வெளியேற முடிகிறது. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் சிக்கியது ஒரு கணத்தில் என்றால், விடுபட அந்தக் கணத்துக்கே திரும்ப வேண்டும் என்பதை உள்மனம் உடனே ஒப்புக்கொள்கிறது.

சம்மதத்தை உண்டாக்கும் இன்னொரு வழி, கதைக்குள் இருக்கும் மற்ற மனிதர்கள். ருஷ்ய எழுத்தாளர் நிகோலாய் கோகலின் ‘மூக்கு’ 1836-இல் வெளிவந்தது. பீட்டர்ஸ்பர்க் நகரத்து முடிதிருத்துபவர் ஒருவர் காலையில் ரொட்டியை வெட்டுகிறார், உள்ளே ஒரு மூக்கு. அதே காலையில் கொவல்யோவ் என்ற அதிகாரி கண்விழித்துப் பார்த்தால் முகத்தில் மூக்கு இருந்த இடம் வழவழப்பாக இருக்கிறது. தெருவில் தன் மூக்கு ஒரு கனவானாக, பொன்சரிகைச் சீருடையோடு வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்க்கிறார்.

இங்கே கொவல்யோவின் சிக்கல் என்ன? மூக்கு தன்னைவிட உயர்ந்த பதவியில் இருக்கிறது. அன்றைய ருஷ்ய அரசுப் பணியில் பதினான்கு படிநிலைகள். கொவல்யோவ் எட்டாம் நிலை, மூக்கின் சீருடையோ ஐந்தாம் நிலைக்கு உரியது. எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று தயங்கித் தயங்கி நெருங்குகிறார். பத்திரிகை அலுவலகத்துக்கு விளம்பரம் கொடுக்கப் போகிறார். அங்கிருக்கும் குமாஸ்தா, மூக்கு தொலையாது என்று வாதாடுவதில்லை; இப்படி விளம்பரம் போட்டால் பத்திரிகையின் பெயர் கெட்டுவிடும் என்பது அவர் கவலை. கடைசியில் ஒரு போலீஸ்காரர், கடவுச்சீட்டோடு ரீகாவுக்கு வண்டியேறப்போன மூக்கைப் பிடித்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து தருகிறார். வண்டியில் வந்த கனவானும் காகிதத்தில் சுற்றிய துண்டும் எப்படி ஒன்றாக முடியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கனவில் பள்ளிக்கூடமே மாமா வீடாகவும் இருந்ததே, அதே குணம் இது. ஆனால் பதவி வரிசை மட்டும் ஓரிடத்திலும் குழம்புவதில்லை. உருவமும் அளவும் இளகிக்கொடுக்கும், பதவி இளகாது. எது இளகும், எது இளகாது என்பதை ஆசிரியர் தீர்மானித்துவைத்திருப்பதால்தான் அந்தக் கதை அந்தரத்தில் சிதறாமல் நிற்கிறது.

தமிழில் இதே உத்தியை நகரத் தெருவில் நிறுத்தியவர் புதுமைப்பித்தன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். பிள்ளைக்குப் பெரிய பிரமிப்பெல்லாம் இல்லை. ஹோட்டலில் காப்பி குடிக்கிறார்கள். தான் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளைச் சந்தாதாரராக்கிவிடுகிறார் பிள்ளை. அந்தக் கதையில் இளகாதது சென்னையின் வாழ்க்கை முறை. காசு, வேலை, வாடகை ஆகியவற்றுக்கு முன்னால் கடவுளும் மற்றவர்களைப் போலத்தான். ஓரிடத்தில் அவர் அற்புதம் செய்து ஒரு சிக்கலைத் தீர்த்திருந்தால் கதை அங்கேயே சரிந்திருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரு புதுக் கதையில் எப்படிக் கையாள்வது என்று பார்க்க, சிறிய கருவொன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் அப்பா இறந்துவிட்டார். அவருடைய செருப்பு மொட்டைமாடிப் படிக்கட்டின் அடியில் கிடக்கிறது, யாருக்கும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒரு நாள் காலை அது முதல் படியில் இருக்கிறது. மறுநாள் இரண்டாவது படியில்.

எழுதத் தொடங்கும் முன் ஆசிரியர் தனக்காக மட்டும் குறித்துக்கொள்ள வேண்டியவை உண்டு. செருப்பு இரவில் ஒரு படிதான் ஏறும். யாராவது விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏறாது. எடுத்துக் கீழே வைத்தால், மறுநாள் விடியும்போது முன்பிருந்ததற்கு அடுத்த படியில் இருக்கும். இவ்வளவு போதும். மூன்றுக்கு மேல் விதிகள் தேவைப்பட்டால் கருவிலேயே ஏதோ கோளாறு என்று சந்தேகிப்பது நல்லது. இந்த விதிகள் எதேச்சையாகவும் வரக் கூடாது. இந்தக் கதையின் உணர்ச்சி, போனவரை விட மனமில்லாமை. அதனால்தான் விழித்திருந்தால் அவரை நிறுத்திவைக்க முடிகிறது. செருப்பு பறப்பதாக வைத்தால் இதைவிட ஆச்சரியமாக இருக்கும், ஆனால் அந்த உணர்ச்சிக்கும் அதற்கும் ஒட்டுறவே இருக்காது.

அடுத்து, எல்லை. படிகள் பதினான்கு என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் விநோதம் தொடங்கும் முன்பே, வேறு ஏதோ காரியமாகச் சொன்னதுபோல. வடகம் காயப்போட முறத்தோடு ஏறும் மகள் மூச்சுவாங்கிப் பதினான்கு படிகளையும் எண்ணினால் போதும். அந்த எண் பிறகு தானாக வேலை செய்யும்.

விதிகளை எப்படிச் சொல்வது? விளக்கமாகச் சொன்னால் செத்துப்போகும். மூன்றாம் நாள் காலை பால் வாங்கக் கிளம்பும் மகளிடம் அம்மா சொல்கிறாள்:

“மூணாவதுல இருக்குடி. இருட்டுல மிதிச்சிடாதே.”

இந்த ஒரு பேச்சில் செருப்பு தினமும் ஏறுகிறது என்ற செய்தியும், வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும் என்பதும், அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்து வந்துவிடுகின்றன. மகள் அலறி, அக்கம்பக்கம் கூடி, ‘ஐயோ இது எப்படி’ என்று பேசத் தொடங்கினால் கதை பேய்க்கதைப் பக்கம் திரும்பிவிடும். அதுவும் நல்ல வகைதான், ஆனால் அதன் தர்க்கம் வேறு. பேய்க்கதையில் விநோதம் உலகத்துக்கு எதிரி. கனவுக்கதையில் அது உலகத்தில் ஒரு வேலை, தண்ணீர் பிடிப்பதுபோல, யாராவது பார்த்துச் செய்தாக வேண்டிய வேலை.

விதி இருந்தால் விளைவும் இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தால் ஏறாது என்பது தெரிந்ததும் குடும்பம் என்ன செய்யும்? முறைவைத்து விழித்திருப்பார்கள். நள்ளிரவு வரை அம்மா, பிறகு மகன், விடியற்காலையில் மகள். மகன் லாரி ஓட்டுபவன் என்று வைத்தால் தூக்கமின்மைக்கு உடனே ஒரு விலை வந்துவிடுகிறது. அவன் கண்ணயர்ந்த இரவில் செருப்பு பத்தாவது படிக்குப் போகிறது. காலையில் அம்மா அவனைத் திட்டாமல் இருப்பது, திட்டுவதைவிடக் கனமாக விழும். இந்தக் கட்டத்தில் வாசகருக்குச் செருப்பு நகர்வது மறந்துவிட்டிருக்கும். ஒரு குடும்பம் துக்கத்தைப் பங்குபோட்டுக்கொண்டு ஓய்ந்துபோவதைத்தான் அவர் படித்துக்கொண்டிருப்பார்.

முதல் வரைவுகள் கெட்டுப்போகும் இடமும் இதுதான். நடுவழியில் கதை மெதுவாவதாகத் தோன்ற, எழுதுபவர் இன்னொரு விநோதத்தைச் சேர்ப்பார். பதினோராவது படியில் செருப்பு பேசும். காகம் ஒன்று அப்பாவின் குரலில் கூப்பிடும். எதுவும் நடக்கலாம் என்ற நினைப்பு வந்தவுடன் வாசகர் எண்ணுவதை நிறுத்திவிடுகிறார். பேசும் செருப்புக்கு இத்தனை நாள் ஏன் வாய் இல்லை? பேசித் தீர்க்க முடியுமென்றால் விழித்திருந்தது எதற்கு? பின்னால் வந்த விநோதம் முன்னால் வந்ததைப் பொய்யாக்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வரைவில் உள்ள ஒவ்வொரு விநோத நிகழ்வின் பக்கத்திலும், அதற்கு அனுமதி கொடுத்த முந்தைய வரி எது என்று பென்சிலால் குறித்துப் பார்க்கலாம். காகத்துக்கு எந்த வரியையும் காட்ட முடியாது. ஆனால் எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் தயங்கி வந்து, “எங்க வீட்ல தம்பியோடது ஆறாவதுல நின்னுடுச்சுங்க. மேல படியில்ல” என்று சொன்னால், அது புது விநோதமல்ல. பழைய விதி தெருவைக் கடந்திருக்கிறது, அவ்வளவுதான். அத்துடன் இந்த வீட்டில் பதினான்குக்குப் பிறகு என்ன என்ற கேள்வியையும் அது கூர்மையாக்குகிறது.

அந்தக் கேள்விக்கு விடையும் இருப்பதற்குள்ளிருந்தே வர வேண்டும். பன்னிரண்டாம் படியை எட்டிய நாளில் அம்மா கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்புகிறாள். மாடிக்கு மேல், வானத்தைப் பார்க்க, இன்னும் படி கட்ட வேண்டும் என்கிறாள். கொத்தனார் ஏன் என்று கேட்பதில்லை. எத்தனை படி, எத்தனை மூட்டை சிமென்ட், மழைக்கு முன் முடிக்க வேண்டுமா என்று மட்டும் கேட்கிறார். கோகலின் குமாஸ்தா செய்த அதே காரியம். எங்கும் போய்ச் சேராத படிக்கட்டு ஒன்று ஒரு வீட்டின் மேல் எழுவது நிஜத்தில் அபத்தம். ஆனால் செருப்பின் கணக்கைக் கூடவே எண்ணிவந்த வாசகருக்கு அந்த அம்மா செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான் என்று தோன்றும்.

எழுதி முடித்தபின் இன்னொரு சபலம் வரும், விளக்கிவிடுவது. செருப்பை நகர்த்தியது தூக்கத்தில் நடக்கும் மகன்தான் என்றோ, அம்மாவின் மனப்பிரமை என்றோ கடைசிப் பத்தியில் சொன்னால், அதுவரை கட்டியது துப்பறியும் கதையாகச் சுருங்கிவிடும். ‘உருமாற்றம்’ 1915-இல் நூலாக வரவிருந்தபோது ஃபிரான்ஸ் காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதி, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்திலிருந்துகூடக் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அட்டையில் வந்தது, திறந்த கதவுக்கு முன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதன். கதைக்குள்ளோ அவர் அவ்வளவு கஞ்சமாக இல்லை. கிரிகோருக்குப் பால் பிடிக்காமல் போவது, கெட்டுப்போன பாலாடைக்கட்டி பிடிப்பது, சுவரிலும் கூரையிலும் ஊர்வதில் சுகம் காண்பது எல்லாம் விவரமாக இருக்கின்றன. அந்த உடம்பின் பழக்கங்கள் முழுக்கத் தெரியும். அதன் பெயரும் காரணமும் மட்டும் தெரியாது.

கோகலும் இந்தச் சபலத்தைக் கடந்துதான் வந்தார். ‘மூக்கு’ கதையின் ஆரம்ப வடிவம் ஒன்றில், நடந்ததெல்லாம் கொவல்யோவ் கண்ட கனவு என்று முடித்திருந்தார். அச்சுக்குப் போன வடிவத்தில் அந்த விளக்கத்தை எடுத்துவிட்டார். ஏப்ரல் ஏழாம் தேதி காலையில் மூக்கு, போனபோது போலவே, காரணம் சொல்லாமல் முகத்துக்குத் திரும்பிவிடுகிறது. கொவல்யோவ் முதல் வேலையாக முகச்சவரம் செய்துகொள்கிறார், அதுவும் ரொட்டிக்குள் அதைக் கண்டெடுத்த அதே ஆளிடம். மூக்கைத் தொட்டுவிடாதே என்பதுதான் அவருடைய எச்சரிக்கை.